முடிந்த வேலை கற்பிக்கும் பாடம்

முன் ஏர் போன வழியே பின் ஏரும் போகும் என்பது உழவர் அறிந்த வழக்கு. முன் ஏர் கோணலாகப் போயிருந்தால் பின் ஏரும் கோணலாகவே போகும். பஞ்சாயத்து வேலைகளிலும் இதே நிலைதான். ஒரு தெருவில் கட்டிய கால்வாயில் நேர்ந்த தவறு, அடுத்த ஆண்டு அடுத்த தெருவிலும் அப்படியே நேருகிறது. முன் ஏர் எங்கே கோணிற்று என்பதைப் பின் ஏருக்குச் சொல்வதற்கென்றே பணி நிறைவு அறிக்கையில் “கற்ற பாடங்கள்” என்று ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அப்பகுதியை எவ்வாறு எழுதினால் அது உண்மையாகவும் பயனுடையதாகவும் இருக்கும் என்பதை, ஒரு கால்வாய் வேலையை எடுத்துக்கொண்டு இங்கே ஆராய்வோம்.

குத்தம்பாக்கத்துக் கால்வாய்

பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது குத்தம்பாக்கம். அவ்வூரில் பிறந்து, இரசாயனப் பொறியியல் கற்று, உத்தியோகத்தை விட்டு ஊருக்குத் திரும்பிய திரு. ஆர். இளங்கோ 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவரானார். 2001-லும் வென்று, 2006 வரை அப்பதவியில் இருந்தார். தலித் குடும்பங்களும் பிற சாதிக் குடும்பங்களும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும்படி இரட்டை வீடுகளாக அங்கே எழுந்த சமத்துவபுரம் பலரும் அறிந்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவ்வூரில் கட்டப்பட்ட கழிவுநீர்க் கால்வாய். வெளியிலிருந்து கல் வரவழைப்பதற்குப் பதிலாக, அருகிலேயே மலிவாகக் கிடைத்த கழிவுக் கற்களைக் கொண்டு, ஊராரின் உழைப்பால் அது கட்டப்பட்டது. செலவு குறைந்தது, கூலியும் ஊருக்குள்ளேயே தங்கிற்று. ஆனால் ஒப்புதல் பெற்ற அமைப்பிலிருந்து வேலை விலகிவிட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தலைவர் பதவியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பின்னர் மீண்டும் பதவியில் அமர்ந்தார்.

அவ்விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. “மதிப்பீட்டிலிருந்து விலகல்” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிரான காரியங்கள் அடங்கியிருக்கின்றன. பணத்தை மிச்சப்படுத்தும் விலகலும் உண்டு. வேலையைக் கெடுக்கும் விலகலும் உண்டு. அளவுப் புத்தகத்தைப் பார்த்து இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிய முடியாது. அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று மட்டுமே சொல்லும். ஏன் மாற்றினோம், மாற்றியதால் என்ன நேர்ந்தது என்று சொல்வதற்கு ஒரே இடம் நிறைவு அறிக்கைதான். அதில் “மதிப்பீட்டின்படி முடிக்கப்பட்டது” என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட்டால், கெட்ட விலகலும் மறைந்துபோகிறது. நல்ல விலகலும் அதனோடு சேர்ந்து புதைந்துபோகிறது.

நான் கையொப்பமிட்ட ஓர் அறிக்கை

இனி என் அநுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஒன்றியத்தில் நான் பணியாற்றியபோது, ஒரு சிற்றூரில் 300 மீட்டர் நீளத்திற்குச் சிமெண்டுக் கால்வாய் கட்டினோம். வீட்டுக் கழிவுநீர் தெருவில் தேங்காமல் ஊருக்கு வெளியே வடிய வேண்டும் என்பதே நோக்கம். மார்ச்சு மாதத்தில் வேலை முடிந்தது. நிறைவு அறிக்கையில் பாடங்கள் என்ற தலைப்பின் கீழ்க் கண்டவாறு எழுதப்பட்டிருந்தது:

“பணி மதிப்பீட்டின்படி திருப்திகரமாக முடிக்கப்பட்டது. பொதுமக்கள் குப்பை கொட்டுவதைத் தவிர்த்தால் கால்வாய் நன்கு பயன்படும். வருங்காலப் பணிகளில் கூடுதல் கவனம் செலுத்தப்படும்.”

அதில் கையொப்பமிட்டவன் நான்தான். அவ்வாண்டு ஐப்பசி மழைக்குப் பின் அவ்வூருக்குச் சென்றேன். கால்வாயின் கடைசிப் பகுதியில் கரிய நீர் அசையாமல் நின்றது. அடியில் ஒரு சாண் அளவுக்குச் சேறு. கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்த மூதாட்டி ஒருவர், “ஐயா, முன்னே அவங்கவங்க வூட்டுத் தண்ணி அவங்கவங்க வாசல்ல நின்னுது. இப்ப ஊருத் தண்ணி மொத்தமும் என் வாசல்ல வந்து நிக்குது. இதுக்கா இவ்வளவு செலவு?” என்றார். நான் எழுதிய மூன்று வாக்கியங்களில் எதுவும் அவருக்கு விடையாக இல்லை.

அம்மூன்று வாக்கியங்களையும் சற்று உற்று நோக்குவோம். முதல் வாக்கியம் உண்மையன்று. வேலை நடுவில் மாற்றப்பட்டிருந்தது; அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது வாக்கியம் பழியைப் பொதுமக்கள் மேல் இறக்கி வைக்கிறது. தேங்கிய நீரில் குப்பை கிடந்தது மெய்யே. ஆனால் குப்பையால் நீர் தேங்கிற்றா, நீர் தேங்கியதால் குப்பை ஒதுங்கிற்றா என்று எவரும் பார்க்கவில்லை. மூன்றாவது வாக்கியம் எந்த வேலைக்கும் எழுதக்கூடியது. பள்ளிக் கட்டடத்துக்கும் எழுதலாம், கிணற்றுக்கும் எழுதலாம். எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் கற்பிப்பதில்லை.

நடந்தது என்ன?

மறுநாள் கொத்தனாரையும் பணி மேற்பார்வையாளரையும் அழைத்துச் சென்று கால்வாயை அளந்தோம். கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் தெளிந்த குழாயில் நீர் நிரப்பி, மேல்முனையிலிருந்து தொடங்கி இடைவிட்டு இடைவிட்டு மட்டம் பார்த்து வந்தோம். அரை நாளில் விஷயம் வெளியாயிற்று.

கால்வாயில் நீர் ஓடுவதற்குக் காரணம் அதன் வாட்டம். மதிப்பீட்டில் 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வைக்கப்பட்டிருந்தது. அதாவது 100 மீட்டருக்கு 50 சென்டிமீட்டர். 300 மீட்டருக்கு மொத்தம் 150 சென்டிமீட்டர். இது நல்ல வாட்டமே. மழையில்லாத நாட்களில் சமையலறை நீரும் குளியல் நீரும் மெல்லிய ஓட்டமாகவே வரும். அவ்வளவு குறைந்த நீரும் மண்ணையும் சோற்றுப் பருக்கையையும் தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால் இத்தகைய வாட்டம் தேவை.

தெருவின் தலைப்பிலிருந்தவர்கள் வற்புறுத்தியதால், வேலையை மேல்முனையில் தொடங்கினோம். 200 மீட்டர் வரை கட்டியாகிவிட்டது. 100 சென்டிமீட்டர் இறக்கமும் அதில் செலவாகிவிட்டது. அப்போதுதான் ஒரு தடை வந்தது. நீர் போய்ச் சேர வேண்டிய தாழ்வான இடம் புறம்போக்கு என்று மதிப்பீட்டில் எண்ணியிருந்தோம். அது பட்டா நிலம் என்று அதன் சொந்தக்காரர் வந்து காட்டினார். உடனே கடைமுனையைச் சாலையோர வாய்க்காலுக்கு மாற்றினோம். அவ்வாய்க்காலின் அடிமட்டம் பழைய இடத்தைவிட 30 சென்டிமீட்டர் உயரம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்த இறக்கம் 150 அல்ல, 120 சென்டிமீட்டர்தான். அதில் 100 ஏற்கெனவே செலவாகிவிட்டது. கடைசி 100 மீட்டருக்கு எஞ்சியது 20 சென்டிமீட்டர் மட்டுமே. இருக்க வேண்டிய வாட்டத்தில் பாதிகூட இல்லை. மேலே வேகமாக வந்த நீர் அங்கே வந்ததும் தளர்ந்து, சுமந்து வந்த மண்ணை இறக்கி வைத்துவிட்டது. மண் படியப் படிய எஞ்சிய வாட்டமும் போயிற்று. குப்பை அதன் பின்னர் வந்து சேர்ந்தது.

வேலை தொடங்குமுன்பே கடைமுனை முடிவாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 120 சென்டிமீட்டரை 300 மீட்டருக்குச் சமமாகப் பங்கிட்டிருந்தால், 100 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். 50-ஐவிடச் சிறிது குறைவே. ஆயினும் நீர் ஓடியிருக்கும். ஒரு ரூபாயும் அதிகம் செலவாகியிராது. முப்பது சென்டிமீட்டர் குறை முழுவதும் கடைசி மூன்றில் ஒரு பங்கின் தலையில் விழுந்ததே கெடுதல்.

ஏன் என்று எதுவரை கேட்பது?

காரணத்தைத் தேடும்போது முதலில் கிடைக்கும் விடையோடு நின்றுவிடுவது நம் வழக்கம். நீர் ஏன் தேங்கிற்று? வாட்டம் போதவில்லை. இங்கே நிறுத்தினால் கொத்தனார்தான் குற்றவாளி. ஏன் போதவில்லை? கடைமுனை மாறியது. இங்கே நிறுத்தினால் நிலத்துக்காரர் குற்றவாளி. மாறியபோது ஏன் மறுபடி மட்டம் பார்க்கவில்லை? கடைமுனையை மாற்றுவதை இடமாற்றம் என்று நினைத்தோமே தவிர, மட்டமாற்றம் என்று நினைக்கவில்லை. மார்ச்சு 31-க்குள் பணம் செலவாக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. மாற்றக் குறிப்பில் கையொப்பமிட்டவன் நான். அதில் மட்டக் கணக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு படி: நிலம் புறம்போக்கா பட்டாவா என்று தொடக்கத்திலேயே ஏன் தெரியவில்லை? மதிப்பீடு தயாரிக்கையில் கிராம நிருவாக அலுவலரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதற்கு மேலும் ஏன், ஏன் என்று போகலாம். நிதியாண்டு ஏன் மார்ச்சில் முடிகிறது என்றுகூடக் கேட்கலாம். ஆனால் அதை மாற்றுவது பஞ்சாயத்தின் கையில் இல்லை. ஆகையால், நம் கையால் மாற்றக்கூடிய காரணம் ஒன்று கிடைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மனிதரின் பெயரில் கேள்வி நின்றுவிட்டால் இன்னும் ஒரு படி போக வேண்டும். அடுத்த வேலையில் அந்த மனிதர் இருக்கமாட்டார். அதே வழிமுறை இருக்கும்.

திருத்தி எழுதிய பாடம்

அளந்து பார்த்த பின் அப்பகுதியை நான் மறுபடி எழுதினேன். அது கீழ்க்கண்டவாறு அமைந்தது:

“திட்டம்: 300 மீட்டருக்கு 150 சென்டிமீட்டர் இறக்கத்தில் கழிவுநீர் வடிய வேண்டும். நடந்தது: முதல் 200 மீட்டரில் நீர் ஓடுகிறது. கடைசி 100 மீட்டரில் தேங்குகிறது. அங்கு இறக்கம் 20 சென்டிமீட்டர் மட்டுமே. காரணம்: கடைமுனை இருந்த நிலம் பட்டா என்பது 200 மீட்டர் கட்டிய பின்னரே தெரிந்தது. கடைமுனையை 30 சென்டிமீட்டர் உயரமான இடத்துக்கு மாற்றியபோது மட்டம் மறுபடி பார்க்கப்படவில்லை. மாற்றக் குறிப்பு மட்டக் கணக்கின்றியே வட்டார வளர்ச்சி அதிகாரியால் ஏற்கப்பட்டது. செய்ய வேண்டியது: முதலாவது, கால்வாய் மதிப்பீட்டை அனுப்புமுன் கடைமுனை நிலத்தின் புல எண்ணையும் வகைப்பாட்டையும் மேற்பார்வையாளர் பதிவேட்டில் பார்த்து மதிப்பீட்டில் குறிக்க வேண்டும். இரண்டாவது, கால்வாயைக் கடைமுனையில் தொடங்கி மேல்நோக்கிக் கட்ட வேண்டும். மூன்றாவது, கடைமுனை மாறினால் முழு நீளத்துக்கும் புதிய மட்டக் கணக்கு இல்லாமல் மாற்றக் குறிப்பை ஏற்கலாகாது. எஞ்சிய குறை: கடைசி 100 மீட்டர் இப்போது கையால் தூர் வாரப்பட வேண்டியுள்ளது, நிலையான தீர்வுக்கு முழு நீளத்துக்கும் அடித்தளத்தை மாற்றி அமைக்க வேண்டும்.”

முதலில் எழுதியதைவிட இது நீளம். ஆயினும் இதில் ஒரு வாக்கியமும் வேறொரு வேலைக்குப் பொருந்தாது. கடைமுனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டுவது வடிகால் வேலை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. அவ்வாறு கட்டினால், கடைமுனையில் தகராறு இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். கட்டிய மட்டும் உடனே பயன்படும். நாங்கள் அறிந்தே கைவிட்ட விதி அது. ஏன் கைவிட்டோம் என்பதை எழுதியதால்தான் அது பாடமாயிற்று.

எழுதியது பயனுடையதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதை வாசித்த பின், அடுத்த மதிப்பீட்டில் எந்த வரி மாறும் என்று கேளுங்கள். புல எண் என்ற ஒரு வரி புதிதாகச் சேரும் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது பாடம். காட்ட முடியாவிட்டால் அது வெறும் வருத்தம்.

யாரைக் கேட்பது, எப்போது எழுதுவது?

அலுவலகத்தில் உட்கார்ந்து இப்பகுதியை எழுத இயலாது. வேலையில் கை வைத்தவர்களையும் அதன் பயனை அநுபவிப்பவர்களையும் தனித்தனியே கேட்க வேண்டும். அனைவரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தால் மேற்பார்வையாளர் முன்னிலையில் கொத்தனார் வாய் திறக்கமாட்டார். எங்கள் கால்வாயில், கடைசிப் பகுதி சரியாக வராது என்று கொத்தனாருக்கு அன்றே தெரிந்திருந்தது. “நீங்க கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க” என்றார். ஆகையால் “தவறு யாருடையது?” என்று கேட்கக் கூடாது. “இது சரியாக வராது என்று உங்களுக்கு முதலில் எந்த நாள் தோன்றிற்று? அன்று என்ன செய்தோம்?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். இரண்டாவது கேள்விக்கு நடந்ததைச் சொல்வார்கள். வாட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டாரையும் மறவாமல் கேட்க வேண்டும். கால்வாயின் குறை முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

காலமும் முக்கியம். நம் பக்கத்தில் வேலைகள் பெரும்பாலும் நிதியாண்டு முடிவில், மார்ச்சில் நிறைவு பெறுகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. எனவே மழை காணாத கால்வாய்க்கும், நிரம்பாத குளத்துக்கும் நாம் நிறைவு அறிக்கை எழுதிவிடுகிறோம். மார்ச்சில் எழுதும் அறிக்கையில், வேலை நடந்த விதத்தைப் பற்றிய பாடத்தை எழுதலாம். வேலையின் பயனைப் பற்றிய பாடத்தை எழுத இயலாது. ஆதலால் “மழைக்குப் பின் பார்க்க வேண்டியவை” என்று இரண்டு மூன்று வரிகளை அப்போதே குறித்து வைத்து, மழை ஓய்ந்ததும் சென்று பார்த்து, ஒரு பக்கக் குறிப்பை அறிக்கையோடு இணைக்க வேண்டும். சனவரி 26 கிராம சபை இக்குறிப்பை வாசிப்பதற்கு உகந்த நாள். சேறு காய்வதற்கு முன் வரும் நாள் அது.

பம்புகள் கற்பித்த பாடம்

ஒரு வேலையிலிருந்து பெற்ற பாடம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குக் கைப்பம்பு நல்ல சான்று. 1960-களின் இறுதியில் ஏற்பட்ட வறட்சிக்குப் பின், கடினப் பாறைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்புப் பம்புகள் பொருத்தப்பட்டன. மேல்நாடுகளில் ஒரு பண்ணைக் குடும்பம் பயன்படுத்துவதற்காக அமைந்த மாதிரி அது. இங்கே ஓர் ஊரே காலை முதல் இரவு வரை அதை அடித்தது. 1970-களின் நடுவில் யூனிசெப் கணக்கெடுத்தபோது, பம்புகளில் முக்கால் பங்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது.

இத்தனை கிணறுகள் தோண்டினோம் என்று மட்டும் அறிக்கை எழுதியிருந்தால் அதுவும் பொய்யாகாது. ஆனால் எத்தனை பம்புகளில் நீர் வருகிறது என்று எண்ணி, வராததை வெளிப்படையாகச் சொன்னதால்தான், சோலாப்பூரில் உருவான உறுதியான பம்பை அடிப்படையாகக் கொண்டு இந்தியா மார்க் 2 என்ற பம்பு பிறந்தது. கோயமுத்தூர்ப் பகுதியில் சோதித்து, சென்னையிலிருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. மார்க் 2 நன்றாக உழைத்தது. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால், கிணற்றுக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியோடு ஒரு குழு வர வேண்டும். வரும் வரையில் ஊரார் காத்திருக்க வேண்டும். 1980-களில் கோயமுத்தூர்ப் பகுதியில் மறுபடியும் பம்புகளை வைத்து, எந்தப் பாகம் எப்போது பழுதாகிறது, பழுது பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். தோல் வாஷர்தான் அடிக்கடி தொல்லை தந்தது என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக ஒருவகை ரப்பர் வாஷர் வந்தது. உள்குழாயை 32 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, குழாயைத் தூக்காமலே உள்ளிருக்கும் பாகங்களை வெளியே எடுக்கும்படி மார்க் 3 அமைந்தது. குழாய் அகலமானதால் விலை கூடிற்று என்பதும் மிக ஆழமான கிணறுகளுக்கு அதன் எடை தடையாயிற்று என்பதும் அதன் எல்லைகள்.

“பம்புகளின் தரத்தை உயர்த்த வேண்டும்” என்று யாரேனும் எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திராது. “தோல் வாஷர் தேய்கிறது; மாற்றக் குழாய் முழுவதையும் தூக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதியதால் தொழிற்சாலைக்காரருக்கு எதை மாற்றுவது என்று தெரிந்தது.

வெற்றியிலும் பாடம் உண்டு

குத்தம்பாக்கத்துக்கு மீண்டும் வருவோம். தவறியதை மட்டுமே பாடம் என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாக நடந்ததையும் காரணத்தோடு எழுத வேண்டும். “உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தோம்” என்று மட்டும் எழுதினால், அதை வாசித்த வேறோர் ஊரார், தங்கள் ஊரில் கிடைக்கும் உதிரும் கல்லைக் கொண்டு கால்வாய் கட்டிவிடக் கூடும். எந்தச் சூழ்நிலையில் அது பலித்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கல் எவ்வளவு தொலைவில் கிடைத்தது. வண்டிச் சத்தம் எவ்வளவு ஆயிற்று. அதை நறுக்காமலே அடுக்கும்படி இருந்ததா. ஊரில் அவ்வேலை தெரிந்த கைகள் இருந்தனவா. எந்த ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட்டது, எது பெறப்படவில்லை? இவற்றைச் சொன்னால்தான், கல் அருகில் கிடைக்கும் ஊர் பின்பற்றும். கிடைக்காத ஊர் விட்டுவிடும். பலித்த முறையைச் சொல்லி, அது பலித்த நிலைமையைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய்யே.

தணிக்கையைப் பற்றிய அச்சம்

இவ்வளவையும் கேட்ட பின், பஞ்சாயத்துத் தலைவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். “ஐயா, நம் தவற்றை நாமே எழுதிக் கொடுத்தால் தணிக்கையில் அதையே எடுத்து நம்மேல் வீசமாட்டார்களா?” இது வீண் அச்சமன்று. அது முற்றிலும் நீங்கிவிடும் என்று நானும் உறுதி கூறமாட்டேன். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, கடைமுனை மாறியது கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அளந்தால் வாட்டமும் தெரிந்துவிடும். எனவே பாடத்தில் எழுதுவதால் புதிதாக எதுவும் வெளிப்படுவதில்லை. காரணம் மட்டுமே வெளிப்படுகிறது. காரணமில்லாத விலகலைவிடக் காரணத்தோடு கூடிய விலகலுக்கு விடை சொல்வது எளிது. அக்காரணத்தையும் மாற்றம் செய்த நாளிலேயே எழுதி ஒப்புதல் பெற்றுவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பாடத்தில் ஆளின் பெயரை எழுத வேண்டுவதில்லை. பொறுப்பை எழுத வேண்டும். “மாற்றக் குறிப்பை ஏற்ற அதிகாரி” என்றால் போதும். ஆனால் எழுதுபவர் தம் பங்கை முதலில் எழுத வேண்டும். அதிகாரி தம் பிழையை விட்டுவிட்டுக் கொத்தனாரின் பிழையை மட்டும் எழுதினால், அடுத்த முறை கொத்தனார் உண்மை சொல்லமாட்டார்.

மூன்றாவது, பாடம் வேறு, குற்றம் வேறு. பத்து மூட்டைச் சிமெண்டு போட வேண்டிய இடத்தில் ஆறு மூட்டை போட்டுவிட்டு நாலு மூட்டையை விற்றிருந்தால், அது “கற்ற பாடம்” அன்று, விசாரணைக்கு உரியது. அதைப் பாடம் என்று மெழுகி எழுதுவது கூடாது. இவ்விரண்டையும் கலந்துவிட்டால், குற்றம் செய்யாதவர்களும் தம் பிழையைச் சொல்ல அஞ்சுவார்கள்.

நம் நாட்டில் அரசாங்கமே தன் வேலையின் குறையைச் சொல்லிக்கொண்டது உண்டு. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கிற்று. ஐந்தாண்டு கழித்து, 1957-ல், பல்வந்தராய் மேத்தா தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, மக்களுடைய சொந்த முயற்சியைத் தூண்டுவதில்தான் அத்திட்டம் மிகக் குறைவான வெற்றி பெற்றது என்று எழுதியது. அத்துடன் நில்லாமல், அதிகாரமும் பொறுப்பும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் போக வேண்டும் என்று மாற்றத்தையும் குறிப்பிட்டது. கிராமம், வட்டாரம், மாவட்டம் என்ற மூன்று அடுக்குப் பஞ்சாயத்து முறை நாட்டில் பரவியதற்கு அவ்வறிக்கையே வழிகோலியது. இன்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியே ஒரு நிறைவு அறிக்கையின் பாடம் என்றால் மிகையாகாது.

அறிக்கை எங்கே போக வேண்டும்?

எழுதிய பாடம் கோப்புக்குள் உறங்கினால் எழுதாததற்குச் சமம். எங்கள் ஒன்றியத்தில் அதற்கு ஓர் எளிய வழியைக் கண்டோம். வேலை வகைக்கு ஒன்றாக, கால்வாய், சாலை, குளம், கட்டடம் என்று நான்கு குறிப்பேடுகளை வைத்தோம். ஒவ்வொரு நிறைவு அறிக்கையின் “செய்ய வேண்டியது” என்ற வரிகளை மட்டும் அதில் நகல் எடுத்தோம். புதிய மதிப்பீடு வரும்போது அந்த வகைக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கையொப்பமிடுவது என்று வழக்கப்படுத்தினோம். பாடங்கள் பெருகிக்கொண்டே போனால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். ஆகவே ஒரு வேலைக்கு மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாண்டுக்குப் பின் அதே ஊரில் இன்னொரு தெருவுக்குக் கால்வாய் வந்தது. மதிப்பீட்டில் கடைமுனையின் புல எண் எழுதப்பட்டிருந்தது. வேலையைக் கடைமுனையில் தொடங்கினோம். தெருத் தலைப்பில் இருந்தவர்கள் இம்முறையும் வற்புறுத்தினார்கள். பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் அவர்களைப் பழைய கால்வாயின் கடைசி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அந்த மூதாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர்கள் வற்புறுத்தவில்லை.

பழைய கால்வாயின் கடைசி 100 மீட்டரை நான் அங்கிருந்த காலம் வரை ஆண்டுக்கு இருமுறை தூர் வாரிக்கொண்டிருந்தோம். அடித்தளத்தை மாற்றி அமைக்க நிதி கிடைக்கவில்லை. அதையும் அந்த அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறேன்.